பணம் போய்விட்டது, கட்டணம் சேர்ந்ததா?

2025ஆம் ஆண்டு நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்க மார்ச் 7 இரவு 11.50 மணி வரை அவகாசம் இருந்தது. கட்டணத்துக்கும் அதே நாள், அதே நேரம்தான். அதற்குள் கட்டத் தொடங்கினால் போதாது. கட்டி முடித்து, கட்டணம் வந்துவிட்டது என்று தேசியத் தேர்வு முகமையின் தளமும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிட்டது, ஆனால் உறுதிப் பக்கம் வரவில்லை என்றால், அந்த விண்ணப்பம் இன்னும் முழுமையாகவில்லை.

மத்தியத் தேர்வாணையமான யூபிஎஸ்சி இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறது. அதன் அறிவிக்கைகளில் கட்டணம் பற்றிய பத்தியைப் பொறுமையாகப் படித்தால் தெரியும். ஒரு விண்ணப்பதாரர் கட்டணம் கட்டியதற்கான விவரம் வங்கியிடமிருந்து ஆணையத்துக்கு வந்து சேரவில்லை என்றால், அது பொய்யான கட்டணமாகக் கருதப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அப்படிப்பட்டவர்களின் பட்டியல் கடைசி நாளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் இணையதளத்தில் வரும். கட்டியதற்கு ஆதாரம் வைத்திருப்பவர்கள் 10 நாட்களுக்குள் அதைக் காட்டலாம். பட்டியலைப் பார்க்காதவர்களுக்கு அந்த 10 நாளும் வீண்.

எனவே யூபிஐயா, கார்டா, நெட் பேங்கிங்கா என்ற கேள்விக்கு, எது வேகமானது என்று பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சரியாக நடக்கும் நாளில் மூன்றுமே சில நொடி வேலைதான். நடுவழியில் சிக்கினால் எதில் நிலைமை உடனே தெரியும், எதிலிருந்து விலகி வேறு வழிக்குப் போகலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் போகும் பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத் தளத்தில் கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், தளம் உங்கள் பெயரில் ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கி உங்களைப் பேமெண்ட் கேட்வேயிடம் ஒப்படைக்கிறது. கேட்வே என்பது தேர்வு நடத்தும் அமைப்புக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனம். சில சமயம் அதுவும் ஒரு வங்கியாகவே இருக்கும். கேட்வே உங்கள் வங்கியைக் கேட்கிறது. வங்கி பணத்தைக் கழித்துக்கொண்டு 'சரி' என்கிறது. இதுவரை நடந்தது பணத்தின் பயணம். இதற்குப் பிறகு, 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்ற செய்தி விண்ணப்பத் தளத்துக்குப் போக வேண்டும். அது தனிப் பயணம்.

அந்தச் செய்தி பெரும்பாலும் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, உங்கள் பிரவுசரே தூதனாக வேலை செய்வது. பணம் கட்டியதும் 'தளத்துக்குத் திரும்புகிறோம், பக்கத்தை மூடாதீர்கள்' என்று சில நொடிகள் காட்டுகிறதே, அப்போது உங்கள் பிரவுசர்தான் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு போகிறது. அந்த நேரத்தில் பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தினாலோ, பக்கத்தைப் புதுப்பித்தாலோ, சிக்னல் போனாலோ அந்த வழி அறுந்துவிடும். இன்னொன்று, கேட்வேயின் சர்வர் தளத்தின் சர்வரோடு நேரடியாகப் பேசுவது. நன்றாக அமைத்த தளங்களில் முதல் வழி அறுந்தாலும் இரண்டாவது வழி சில நிமிடங்களில் காப்பாற்றிவிடும். சில தளங்கள் நாள் முடிவில் வங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் விடுபட்டவற்றைச் சரிசெய்கின்றன. 'பணம் எடுத்துடுச்சு, ஆனா கட்டலைன்னு காட்டுது' என்று நாம் புலம்பும் நேரம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

இனி யூபிஐக்கு வருவோம். விண்ணப்பக் கட்டணத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். நீட் போன்ற தேர்வுக்கு ஆயிரத்துச் சொச்சம், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு 500 அல்லது 250 ரூபாய் என்ற அளவில் இருக்கும் தொகைகள், யூபிஐயின் வழக்கமான ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. 2020 ஜனவரி முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் வாங்கும் கட்டணம் கிடையாது என்பதால், பல தளங்களில் கூடுதல் தொகை இல்லாமல் கட்டணம் மட்டுமே போகும். மற்ற வழிகளில் சேவைக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரலாம். எதற்கு எவ்வளவு என்பதைப் பணம் கட்டுமுன் தளமே காட்டும்.

ஆனால் யூபிஐயை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பி, போனிலேயே யூபிஐ செயலியைத் தேர்ந்தெடுத்தால், பிரவுசரிலிருந்து செயலிக்குத் தாவி, பின் எண்ணைப் போட்டுவிட்டு, மறுபடி பிரவுசருக்குத் திரும்ப வேண்டும். நினைவகம் குறைவான போனில் செயலி திறந்ததும் பின்னால் இருக்கும் பிரவுசர் பக்கத்தைப் போன் தானே மூடிவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு, 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது' என்று நிற்கும். பணம் போயிருக்கும், தூதன் தொலைந்திருப்பான். இதைத் தவிர்க்க எளிய வழி, விண்ணப்பத்தைக் கணினியில் திறந்துகொண்டு, அங்கே தெரியும் கியூஆர் குறியீட்டைப் போனால் ஸ்கேன் செய்வது. கணினிப் பக்கம் அசையாமல் இருக்கும். பணம் வந்ததா என்று அதுவே கேட்வேயைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். போனில் 'சக்சஸ்' வந்த பிறகும் கணினியைத் தொடாமல் காத்திருந்தால் பக்கம் தானாக நகரும். கியூஆருக்குச் சில நிமிட ஆயுள்தான் என்பதால், அது தோன்றுமுன்பே போனில் செயலியைத் திறந்து, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தயாராக இருப்பது நல்லது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் வேறொருவர் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, தங்கள் போனால் ஸ்கேன் செய்தாலும் இதே பலன் கிடைக்கும்.

யூபிஐயில் இரண்டு சிறிய எச்சரிக்கைகள். புதுப் போன் வாங்கி அல்லது சிம் மாற்றி யூபிஐயை மறுபடி பதிவு செய்திருந்தால், முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு இது போதும். ஒரே நாளில் நாலைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் வீட்டில் போதாமல் போகும். அடுத்தது யூபிஐ லைட். பின் எண் கேட்காமல் சட்டென்று முடிந்துவிடுவதால் 100, 150 ரூபாய்க் கட்டணத்துக்கு அதை அழுத்தத் தோன்றும். அதில் செய்யும் செலவு ஒவ்வொன்றும் பாஸ்புக்கில் தனி வரியாக ஏறுவதில்லை. நாளைக்குத் தேர்வாணையத்துக்கு வங்கி அறிக்கையை ஆதாரமாகக் காட்ட நேர்ந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. விண்ணப்பக் கட்டணத்துக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கார்டுக்கு வந்தால், அங்கே தோல்விக்கான முதல் காரணம் சர்வர் அல்ல, ஒரு சுவிட்ச். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகவோ மாற்றியோ கொடுக்கும் கார்டு, இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் நம் கைக்கு வருகிறது. ஆன்லைனில் பயன்படுத்துவதை நாமே இயக்கிவிட வேண்டும். ஏடிஎம்மில் பணம் எடுக்க மட்டுமே பயன்பட்ட அப்பாவின் டெபிட் கார்டை விண்ணப்பத்தின் கடைசி இரவில் முதன்முறையாக ஆன்லைனில் போட்டால் மறுக்கப்படுவது இதனால்தான். கார்டில் எந்தக் கோளாறும் இருக்காது. வங்கியின் மொபைல் செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய், உள்நாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை இயக்கி, அதற்கான வரம்பையும் கட்டணத்துக்கு மேல் வைத்தால் சரியாகிவிடும். இதை நாலு நாள் முன்னமே செய்து, ஒரு சின்ன ரீசார்ஜுக்குப் பயன்படுத்திப் பார்த்துவிட்டால் தெளிவு கிடைக்கும்.

அடுத்த காரணம் ஓடிபி. அது விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கு வராது, வங்கியில் பதிவான எண்ணுக்கு வரும். அந்த போன் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கும் அண்ணனிடம் இருந்தால், அவரை அழைத்து அவர் எஸ்எம்எஸ் பார்த்துச் சொல்வதற்குள் பக்கத்தின் நேரம் முடிந்துவிடும். கார்டில் கட்டுவதென்றால் அந்த போன் பக்கத்தில் இருக்கும்போது கட்ட வேண்டும்.

கிரெடிட் கார்டுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அது இருக்கிறவர்கள் அதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூடுதல் கட்டணம் வரக்கூடும். ஆனால் இரண்டாவது வழியாக அது மிக நல்லது. இதற்குக் காரணம் பலர் கவனிக்காத ஒன்று. ஒரே சேமிப்புக் கணக்கோடு இணைந்த யூபிஐ, டெபிட் கார்டு, நெட் பேங்கிங் மூன்றும் கடைசியில் அதே வங்கியின் மைய சர்வரைத்தான் தட்டுகின்றன. அந்த சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் யூபிஐ தோற்றது என்று டெபிட் கார்டுக்கு மாறுவதும், அது தோற்றது என்று நெட் பேங்கிங்குக்கு மாறுவதும், ஒரே வீட்டின் பூட்டிய கதவை வாசல், கொல்லை, ஜன்னல் என்று சுற்றிச் சுற்றித் தட்டுவதுதான். மாற்றவேண்டியது வங்கியை. அப்பாவின் கணக்கில் சிக்கினால் அம்மாவின் வேறு வங்கிக் கணக்கு, அல்லது சேமிப்புக் கணக்கைத் தொடாமல் ஓடும் கிரெடிட் கார்டு. விண்ணப்ப வேலையைத் தொடங்கும்போதே இரண்டு வங்கிகளில் கட்டணத் தொகை இருக்கும்படி பார்த்துக்கொண்டால், மூன்று வழிகளில் எது சிறந்தது என்ற கேள்வியே பாதி தேய்ந்துபோகும்.

நெட் பேங்கிங்கை நான் சின்னத் தொகைக்குச் சொல்வதில்லை. பெரிய தொகைக்கு, அதாவது கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம் போன்றவற்றுக்கு, கார்டின் அன்றாட வரம்பு இடிக்கும்போது அது கைகொடுக்கும். பல பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் எஸ்பிஐ கலெக்ட் பக்கத்தில் கட்டும்போது, DU என்று தொடங்கும் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். பின்னால் அந்தப் பக்கத்திலேயே பழைய கட்டணத்தைத் தேடி ரசீதை மறுபடி எடுக்கலாம். இது நல்ல வசதி. ஆனால் நெட் பேங்கிங் வைத்திருக்கிறோம் என்று நினைக்கும் பலரிடம் இருப்பது இருப்பைப் பார்க்கும் உரிமை மட்டுமே. பணம் அனுப்பும் உரிமையைத் தனியாக வாங்கியிருக்க மாட்டார்கள். கடவுச்சொல்லைத் தவறாகத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். நள்ளிரவை ஒட்டி வங்கிகள் பராமரிப்புக்காக ஆன்லைன் சேவையைச் சிறிது நேரம் நிறுத்துவதும் உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நிமிடங்களும் அதே நள்ளிரவை ஒட்டித்தான் வருகின்றன.

சரி, இத்தனை முன்னேற்பாடும் இல்லாமல், கடைசி இரவிலேயே சிக்கிக்கொண்டால்? நீட் 2025 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓபிசி பிரிவில் வரும் ஒரு மாணவிக்குக் கட்டணம் 1,600 ரூபாய். மார்ச் 7, இரவு 10.35. போனிலேயே விண்ணப்பம், அப்பாவின் யூபிஐ. பின் எண் போட்டாயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரவுசருக்குத் திரும்பினால் அமர்வு முடிந்துவிட்டது என்கிறது. 1,600 ரூபாய் கழிந்ததாக எஸ்எம்எஸ் வருகிறது. மறுபடி உள்ளே போனால் கட்டணம் கட்டப்படவில்லை என்று நிற்கிறது. அப்பா 'உடனே இன்னொரு தடவை கட்டு' என்கிறார். அம்மா 'பணம் போயிடுச்சே, பொறு' என்கிறார். இருவர் சொல்வதும் ஓரளவு சரி. எது எப்போது சரி என்பதை யூபிஐ செயலியின் பட்டியல்தான் சொல்லும்.

10.38க்கு முதலில் அந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும். எஸ்எம்எஸ் பணம் கழிந்ததை மட்டும் சொல்கிறது, போய்ச் சேர்ந்ததைச் சொல்வதில்லை. செயலியில் 'ஃபெயில்டு' என்று இருந்தால், முடிவு தெரிந்துவிட்டது: பணம் சேரவில்லை, திரும்பி வரும். எதற்கும் காத்திருக்காமல் அப்போதே வேறு வங்கியிலிருந்து கட்டிவிடலாம். தோற்ற காரணத்தையும் அங்கேயே பார்க்கலாம். பின் எண் தவறு, இருப்பு போதவில்லை, வரம்பு தாண்டிவிட்டது என்றிருந்தால் கோளாறு நம் பக்கம். அத்தகைய தோல்வியில் பெரும்பாலும் பணம் கழிவதே இல்லை. வங்கி பதில் தரவில்லை என்ற வகையில் இருந்தால் அவர்கள் பக்கம். யூபிஐயை நடத்தும் என்பிசிஐ இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, எந்த வங்கியில் எவ்வளவு என்று மாதந்தோறும் வெளியிடுகிறது. 'சக்சஸ்' என்று இருந்தால், பணம் கேட்வேயிடம் போய்விட்டது, தளத்துக்குச் செய்தி மட்டும்தான் வரவில்லை. உள்ளே போய், கட்டண நிலையைச் சரிபார்க்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்த வேண்டும். இல்லையென்றால் வெளியேறி மறுபடி நுழைந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தெளிந்துவிடும்.

கடினமானது 'பெண்டிங்'. பணம் கழிந்திருக்கிறது, ஆனால் சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. இந்த மாணவியின் செயலியில் அதுதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.50க்கு ஒருமுறை தளத்தைப் பார்க்கலாம். 11.05க்கு இன்னொருமுறை. அப்போதும் கட்டப்படவில்லை என்றால், இனி காத்திருக்கக் கூடாது. அம்மாவின் கணக்கு வேறு வங்கியில் இருக்கிறது, அதிலிருந்து 11.10க்குள் கட்ட வேண்டும். 11.40 வரை பொறுத்தால் என்ன என்று தோன்றும். இரண்டாவது முயற்சியும் சிக்கினால், அதன் நிலையைப் பார்க்கவும் மூன்றாவதாகக் கார்டில் போடவும் நேரம் வேண்டும். 11.50 என்ற எல்லையில் கடைசி நாற்பது நிமிடம் இந்தத் தேவைக்கானது. இரண்டாவது முறை கட்டியதும் உறுதிப் பக்கத்தைப் பதிவிறக்கி, வெளியேறி மறுபடி நுழைந்து, கட்டணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இப்போது வீட்டிலிருந்து 3,200 ரூபாய் போயிருக்கிறது. அதில் 1,600 கொஞ்ச நாள் அந்தரத்தில் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம், விண்ணப்பம் இல்லாமல் போனால் ஒரு வருடம் போய்விடும். இதே சிக்கல் பிப்ரவரி 20ஆம் தேதி வந்திருந்தால் என் பதில் நேர் எதிராக இருந்திருக்கும். அப்போது இரண்டாவது முறை கட்டவே வேண்டாம். ஒரு முழு நாள் விட்டு, தளம் கணக்குப் பார்த்துச் சரிசெய்கிறதா என்று பார்க்கலாம். பணம் திரும்பி வந்தால் நிதானமாக மறுபடி கட்டலாம்.

அந்தரத்தில் நிற்கும் அந்த 1,600 எப்போது வரும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்குக் காலக்கெடு வைத்தது. யூபிஐயிலோ ஆன்லைனில் கார்டு மூலமோ வணிகருக்குக் கட்டும்போது பணம் கழிந்து, வணிகரிடம் உறுதி போய்ச் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த தேதியிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். இது நாட்காட்டி நாள். ஞாயிறும் விடுமுறையும் சேரும். மார்ச் 7இல் கழிந்தது என்றால் மார்ச் 12க்குள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் அதை வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. யூபிஐயையும் கார்டையும் போல நெட் பேங்கிங் அந்தப் பட்டியலில் தனி இனமாக இல்லை. சின்னக் கட்டணத்துக்கு நெட் பேங்கிங்கைக் கடைசியில் வைப்பதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம்.

ஆனால் இந்த ஐந்து நாள் விதி, தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு மட்டும்தான். 'பெண்டிங்'கில் இருந்தது மறுநாள் 'சக்சஸ்' ஆகி, அம்மா கட்டியதும் சக்சஸ் என்றால், இரண்டு கட்டணமும் தேர்வு அமைப்பிடம் போய்விட்டன. வங்கியைப் பொறுத்தவரை அங்கே தவறே நடக்கவில்லை. இரட்டிப்பாக வந்த தொகையைத் திருப்பித் தரவேண்டியது தேர்வு அமைப்பு. அது தன் விதிப்படி, தன் கணக்குகளை ஒப்பிட்டு முடித்த பிறகு தரும். வாரங்கள் ஆகலாம். வங்கியில் போய்ச் சண்டை போடுவதால் பயனில்லை. தேர்வு அமைப்பின் உதவி மையத்துக்கு விண்ணப்ப எண், இரண்டு பரிவர்த்தனைகளின் 12 இலக்க யுடிஆர் எண்கள், தேதி, நேரம், தொகை எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும். யுடிஆர் எண் யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். தளம் கொடுத்த ஆர்டர் எண்ணும் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அது பணம் கட்டும் பக்கத்தில் மட்டுமே தெரியும் என்பதால், பொத்தானை அழுத்துமுன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம்.

திரும்பி வரும் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் வரும். இது நம் ஊர்களில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கிறார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் மையத்தில் இருப்பவர் தன் யூபிஐயிலிருந்து கட்டிவிடுகிறார். கட்டணம் ஒழுங்காகச் சேர்ந்தால் சரி. தோற்றால், ஐந்து நாள் கழித்துப் பணம் அவர் கணக்குக்குப் போகும். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு விண்ணப்பிப்பவருக்கு எது யாருடையது என்று தேடுவதே பெரும்பாடு. யுடிஆர் எண்ணும் அவர் போனில்தான் இருக்கும். விண்ணப்பத்தை மையத்தில் நிரப்பட்டும். திரையில் வரும் கியூஆரை மட்டும் உங்கள் வீட்டுப் போனால் ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வீட்டில் யாரிடமும் யூபிஐ இல்லை என்றால், அவர் கட்டிய பரிவர்த்தனையின் விவரப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

மார்ச் 12 தாண்டியும் பணம் வரவில்லை, செயலியில் 'ஃபெயில்டு' என்றே இருக்கிறது என்றால், முதலில் அந்தப் பரிவர்த்தனையின் மேலேயே செயலிக்குள் புகார் பதிய வேண்டும். பிறகு வங்கிக்கு எழுத்தில். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் இன்னொரு ஆபத்தும் வருகிறது. பதற்றத்தில் கூகுளில் கேட்வேயின் பெயரைப் போட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவார்கள். மோசடிக்காரர்கள் அங்கே தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். 'ரீஃபண்ட் அனுப்புகிறோம், வரும் கோரிக்கையை ஏற்றுப் பின் எண்ணைப் போடுங்கள்' என்பார்கள். திரும்பி வரும் பணத்துக்குப் பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. ஓடிபியும் தேவையில்லை, திரையைப் பகிரும் செயலியும் தேவையில்லை. உதவி எண்ணைத் தேர்வு அமைப்பின் அறிவிக்கையிலிருந்தும், வங்கி எண்ணை கார்டின் பின்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறிப் பின் எண்ணைப் போட்டுப் பணம் போய்விட்டால், அந்த நிமிடமே 1930ஐ அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.